பழைய மாணவரை நடுவராக அழைக்கும் கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

"எங்கள் சிவில் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கருத்தரங்கு வைக்கிறோம். எட்டுப் பேர் பேசுகிறார்கள். எங்களிடம் படித்துப் போன ஒருவரை நடுவராக அழைக்கலாம், அவரே கேள்வியும் கேட்கட்டும் என்று முடிவு செய்து, கடிதம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆண்டு விழாவுக்கு அனுப்பிய அழைப்புக் கடிதம் ஒன்று கைவசம் இருக்கிறது. அதையே தேதி மாற்றி அனுப்பினால் போதுமா? மாதிரி இருந்தால் கொடுங்கள்."

அதை அனுப்பாதீர்கள். அப்படித் தேதி மாற்றி அனுப்பிய கடிதம் ஒன்று சில வருடங்களுக்கு முன் எனக்கே வந்தது. இரண்டு பத்தி. முதல் பத்தியில் நான் துறைக்குப் பெருமை சேர்த்தவன் என்று இருந்தது. இரண்டாவதில் தேதி, நேரம், "தங்கள் வருகையால் விழா சிறப்புற வேண்டுகிறோம்." குத்துவிளக்கு ஏற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்வார்கள் போல என்று நினைத்துக் கிளம்பினேன். போய் இறங்கியதும் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கையில் கொடுத்து, "சார், மொத்தம் பதினாலு பேர் பேசுறாங்க, நீங்கதான் ஜட்ஜ், கேள்வியும் நீங்களே கேட்டுடுங்க" என்றார்கள். எத்தனை மார்க்குக்கு என்று கேட்டேன். "நீங்களே பார்த்துப் போடுங்க சார்." மதியம் இரண்டரை வரை பசியோடு உட்கார்ந்திருந்தேன். கடைசி நான்கு பேர் என்ன பேசினார்கள் என்று அன்று மாலையே எனக்கு நினைவில்லை. அவர்களுக்கும் மார்க் போட்டுவிட்டு வந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

சிறப்பு விருந்தினர் வந்தாலே அவர் வேலை பாதி முடிந்துவிட்டது. நடுவருக்கு வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். எத்தனை பேச்சு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எதற்கு எத்தனை மார்க், கேள்வி எந்த அளவுக்குப் போகலாம் என்பதெல்லாம் கடிதத்திலேயே தெரிந்தால்தான் அவர் தயாராகி வருவார், அல்லது முடியாது என்று முன்கூட்டியே சொல்வார். ஆகவே கடிதத்தைத் தொடுவதற்கு முன் இவற்றை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். கடிதம் எழுத உட்காரும்போதுதான் துறையில் யாரும் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை என்பது பல இடங்களில் தெரியவரும்.

நேரக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு மாணவருக்கு 12 நிமிடப் பேச்சு, 5 நிமிடக் கேள்வி என்று வைத்துக்கொண்டால் 17 நிமிடம். அடுத்தவர் வந்து பென்டிரைவைச் செருகி பிபிடியைத் திறக்கவும், நடுவர் மார்க்கை எழுதி முடிக்கவும் இன்னும் 2 நிமிடம். ஆக 19 நிமிடம். எட்டுப் பேருக்கு 152 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். 9.30க்கு வரவேற்பு, 9.45க்கு முதல் பேச்சு. நான்கு பேர் முடிக்கும்போது 11.01. கால் மணி நேரம் டீ. அடுத்த நான்கு பேர் முடிக்க 12.32. நடுவர்கள் கலந்து பேசக் கால் மணி, அவர் மேடையில் நான்கு வார்த்தை சொல்ல, பரிசு கொடுக்க என்று இன்னும் அரை மணி. 1.15க்குச் சாப்பாடு. எட்டுப் பேருக்கு இது சரியாக உட்காருகிறது. பத்துப் பேர் என்றால் சாப்பாடு இரண்டு மணியைத் தொட்டுவிடும், அதற்கு மேல் ஒரே நடுவரை வைத்து நேர்மையாக மார்க் போட முடியாது. பெயர் கொடுத்தவர்கள் அதிகம் இருந்தால் துறைக்குள்ளேயே ஒரு சுற்று வைத்து வடிகட்டி, மிச்சமுள்ளவர்களை மட்டும் அவர் முன் நிறுத்துங்கள்.

அடுத்தது மார்க். ஐம்பதுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்துக்கு 20, கேள்விகளுக்குச் சொன்ன பதிலுக்கு 15, சொன்ன விதத்துக்கு 10, நேரத்துக்குள் முடித்ததற்கு 5. பதிலுக்கு 15 கொடுப்பதுதான் இதில் முக்கியம். பல மதிப்பெண் தாள்களில் கேள்வி-பதிலுக்கு 5தான் இருக்கும். அப்படியானால் ஒரு மாணவர் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, கேட்ட எதற்கும் வாய் திறக்காமல் நின்றாலும் 45 வரை வாங்க வாய்ப்பிருக்கிறது. பிறகு எதற்கு வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்துக் கேள்வி கேட்கச் சொல்கிறோம்?

இரண்டு நடுவர் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். உங்கள் துறை ஆசிரியர் எல்லோரையும் அறிந்தவர், யார் மனமும் நோகக் கூடாது என்று 38, 40, 39 என்று நெருக்கமாகப் போடுவார். வெளியிலிருந்து வருபவர் தாராளமாக ஏற்றி இறக்கிப் போடுவார். மூன்று மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர் முதலாமவருக்கு 42, இரண்டாமவருக்கு 34, மூன்றாமவருக்கு 26 போடுகிறார். ஆசிரியர் அதே வரிசையில் 38, 40, 39. கூட்டினால் 80, 74, 65. முதலாமவருக்கு முதல் பரிசு. ஆனால் ஆசிரியரின் கணக்கில் அவர்தான் கடைசி! மார்க்கைக் கூட்டாமல் இடத்தைக் கூட்டிப் பாருங்கள். முதலாமவருக்கு 1+3, நான்கு. இரண்டாமவருக்கு 2+1, மூன்று. மூன்றாமவருக்கு 3+2, ஐந்து. குறைந்த எண் ஜெயிக்கும் என்பதால் இப்போது இரண்டாமவருக்குத்தான் பரிசு. மார்க்கைக் கூட்டும்போது இடைவெளி அதிகம் விட்டுப் போடுபவரின் கைதான் ஓங்கும், மற்றவர் சும்மா உட்கார்ந்திருந்த கணக்கு. நான் இடத்தைக் கூட்டும் பக்கம். நீங்கள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் எது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பரிசு அறிவிக்கும் நேரத்தில் மேடைக்குப் பின்னால் நின்று இதை விவாதிப்பது நன்றாக இருக்காது.

கேள்விகளுக்கு வருவோம். துறையை விட்டுப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் சைட்டில் இருந்தவருக்கு இரண்டு பழக்கம் வந்துவிடும். ஒன்று, மாணவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லாத நடைமுறைக் கேள்வி: "இந்த அட்மிக்ஸர் லிட்டர் என்ன விலை தெரியுமா?" இன்னொன்று, கேள்வி என்று ஆரம்பித்துத் தன் அனுபவத்தைச் சொல்லப் போய்விடுவது. ஐந்து நிமிடத்தில் நான்கை அவரே பேசிவிடுவார், மாணவர் தலையாட்டிவிட்டு இறங்கிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. என்ன எதிர்பார்க்கிறோம் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை.

நல்ல கேள்விக்கு மூலப்பொருள் மாணவர் கொடுக்கும் ஒரு பக்கச் சுருக்கம். அதில் சோதனை முடிவுகளின் அட்டவணை இருந்தே ஆக வேண்டும் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு மாணவி ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போட்டுப் பார்த்திருக்கிறார். சுருக்கத்தின் கடைசி வரி: "28 நாளில் வலிமை 9 சதவீதம் கூடியது." இதை மட்டும் படித்தால் "ரொம்ப நல்லதும்மா" என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. அட்டவணை இருந்தால் கதையே வேறு. ஆற்று மணல் கியூப் மூன்று: 26.8, 29.5, 31.1 மெகாபாஸ்கல், சராசரி 29.1. எம்-சாண்ட் மூன்று: 30.2, 33.9, 31.4, சராசரி 31.8. ஒன்பது சதவீதம் வித்தியாசம் உண்மைதான். ஆனால் ஆற்று மணலின் மூன்று கியூபுக்குள்ளேயே 4.3 வித்தியாசம் இருக்கிறது, சராசரியில் அது கிட்டத்தட்ட 15 சதவீதம். ஆற்று மணலின் நல்ல கியூப் எம்-சாண்டின் மோசமான கியூபை முந்திவிட்டது. "மணலை மாற்றியதால்தான் கூடியது என்று எப்படிச் சொல்கிறாய், கியூபுக்குக் கியூப் வரும் வித்தியாசமாகவே இருக்கலாமே?" என்று கேட்டால், அந்த மாணவிக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஐ.எஸ். 456இல் ஒரு கியூப் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று இருப்பதை அவர் சொல்லி, என் கியூபெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்றால் பாதி மார்க். ஆனாலும் மூன்று கியூபை வைத்து 9 சதவீதம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் வார்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் முழு மார்க்.

இரண்டாவது கேள்வி தண்ணீர் பற்றி. எம்-சாண்ட் துகள் முனை முனையாக இருக்கும், தூளும் அதிகம். ஆற்று மணலுக்குக் கிடைக்கும் அதே ஸ்லம்ப் கிடைக்கத் தண்ணீரோ அட்மிக்ஸரோ கூடுதலாகக் கேட்கும். "தண்ணீர்-சிமெண்ட் விகிதத்தை ஒன்றாக வைத்தாயா, ஸ்லம்பை ஒன்றாக வைத்தாயா?" விகிதத்தை ஒன்றாக வைத்திருந்தால் வலிமையை ஒப்பிடலாம், ஆனால் கலவை விறைத்துப்போய் சைட்டில் வார்க்கக் கஷ்டமாக இருந்திருக்கும். தண்ணீர் ஊற்றி ஸ்லம்பைச் சரிசெய்திருந்தால் இரண்டு கலவையும் ஒன்றே அல்ல. எதைச் செய்தேன் என்று உடனே சொன்னால் கியூபைத் தன் கையால் வார்த்தவர். லேப் உதவியாளர் வார்த்துக் கொடுத்ததை வைத்துப் பேசுபவர் இந்த இடத்தில் வழிகாட்டி ஆசிரியரைத் திரும்பிப் பார்ப்பார்.

ஆசிரியரும் விடமாட்டார், எழுந்து அவரே பதில் சொல்லிவிடுவார். இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அதனால் "பதில் மாணவர் மட்டுமே சொல்வார்" என்று கடிதத்தில் எழுதி, அதன் நகலைத் துறையில் எல்லோருக்கும் கொடுங்கள். வெளியாருக்கு எழுதியது போலவும் இருக்கும், உள்ளே இருப்பவர்களுக்குச் சொன்னது போலவும் இருக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு வரி தேவை. பேச்சு ஆங்கிலத்தில் என்றாலும் பதில் தமிழில் சொல்லலாம், மார்க் குறையாது என்று அறிவித்துவிடுங்கள். விஷயம் தெரிந்தும் இங்கிலீஷ் வராமல் நிற்கும் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். நடுவருக்கும் இது முன்பே தெரிய வேண்டும், இல்லையென்றால் தமிழில் கேட்கலாமா என்று அவரே தயங்குவார்.

இதெல்லாம் முடிவானதும் கடிதம் அனுப்புவதற்கு முன் ஒரு போன் பேசிவிடுங்கள். அவருக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் யாராவது இன்னும் துறையில் இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் "பார்க்கிறேன்" என்பவர், அவர் கேட்டால் "வர்றேன் சார்" என்பார். சனிக்கிழமை வசதியாக இருக்கும் என்று நீங்களாக நினைக்காதீர்கள். ஆபீஸில் டிசைன் பார்ப்பவருக்குச் சரி, சைட்டில் இருப்பவருக்குச் சனிக்கிழமையும் வேலை நாள்தான், அன்று ஸ்லாப் கான்கிரீட் இருந்தால் யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். இரண்டு தேதி சொல்லி அவரையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் இருக்கும்போதே பேசி, அடுத்த இரண்டு நாளில் கடிதம் போய்விட வேண்டும். அரசுத் துறையிலோ பெரிய கம்பெனியிலோ இருப்பவர் என்றால், மேலதிகாரியிடம் அனுமதி கேட்க இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவார். ஆகவே லெட்டர்பேடில், துறைத்தலைவர் கையெழுத்தோடு, சீல் வைத்துப் போக வேண்டும். வாட்ஸப்பில் படம் அனுப்புவது அதற்குப் பிறகு.

இனி கடிதம். உங்கள் நிகழ்ச்சிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்:
துறைத்தலைவர், சிவில் பொறியியல் துறை, (கல்லூரி, ஊர்)

பெறுநர்:
(பெயர், பதவி, நிறுவனம்)
(எங்கள் துறை மாணவர், 2008–2012)

நாள்: பிப்ரவரி 23

பொருள்: மாணவர் கருத்தரங்கில் நடுவராக இருந்து கேள்விகள் கேட்டு மதிப்பெண் வழங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற சனிக்கிழமை தொலைபேசியில் பேசியதைத் தொடர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பேசும் கருத்தரங்கு மார்ச் 14, சனிக்கிழமை, காலை 9.30 முதல் மதியம் 1.15 வரை துறைக் கருத்தரங்கக் கூடத்தில் நடைபெறுகிறது. தலைப்பு, 'கான்கிரீட்டில் மாற்றுப் பொருட்கள்'. தாங்கள் ரெடிமிக்ஸ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டைப் பல ஆண்டுகள் கவனித்தவர் என்பதால், இதற்கு நடுவராக வர வேண்டும் என்று விரும்புகிறோம். உடன் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரும் நடுவராக இருப்பார்.

எட்டு மாணவர்கள் பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 12 நிமிடப் பேச்சு, அதன்பின் 5 நிமிடக் கேள்வி. முதல் இரண்டு கேள்விகளைத் தாங்கள் கேட்க வேண்டுகிறோம். நேரம் இருந்தால் அவையினர் கேட்பார்கள். மாணவர்கள் கான்கிரீட் தொழில்நுட்பப் பாடத்தை முடித்துவிட்டார்கள், முன்தகைவுக் கான்கிரீட் இன்னும் படிக்கவில்லை. சோதனையை அவர்களே செய்தார்களா, முடிவை எப்படி எட்டினார்கள் என்பதை வெளிக்கொண்டுவரும் கேள்விகளாக இருந்தால் அவர்களுக்குப் பயன்படும். தமிழிலும் கேட்கலாம், அவர்கள் தமிழிலும் பதில் சொல்லலாம். பதிலை மாணவர் மட்டுமே சொல்வார். 17ஆம் நிமிடத்தில் மணி அடிக்கப்படும், அது எல்லோருக்கும் பொது.

மதிப்பெண் 50: விஷயம் 20, கேள்விகளுக்குப் பதில் 15, சொல்லும் விதம் 10, நேரம் 5. தாள் இத்துடன் உள்ளது. இரு நடுவர்களும் தனித்தனியே மதிப்பெண் இட்டபின், ஒவ்வொருவரும் தரும் இடவரிசையைக் கூட்டி முடிவு செய்யப்படும். பேசுபவர்களின் பெயர்ப்பட்டியலையும் இணைத்துள்ளோம். அவர்களில் எவரேனும் தங்கள் உறவினராகவோ, தங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெற்றவராகவோ இருந்தால் தெரிவிக்கவும், அவருக்கு மட்டும் வேறொரு நடுவர் மதிப்பெண் இடுவார். மாணவர்களின் ஒரு பக்கச் சுருக்கங்கள் மார்ச் 9 அன்று தங்களுக்கு வந்து சேரும்.

நிறைவில் பத்து நிமிடம் மாணவர்களிடம் பேச வேண்டுகிறோம். இரு வழிப் பயணச் செலவைத் துறை ஏற்கும், பயணச்சீட்டுகளை வைத்திருக்க வேண்டுகிறோம். மதிப்பூதியம் வழங்க வழியில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். மதிய உணவு எங்களுடன். தங்கள் இசைவைப் பிப்ரவரி 28க்குள் தெரிவித்தால் ஏற்பாடுகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
(கையெழுத்து, துறைத்தலைவர்)
தொடர்புக்கு: (ஒருங்கிணைப்பாளர் பெயர், எண்)

இதில் "பெருமை சேர்த்த" என்ற வரி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். ரெடிமிக்ஸ் தரக்கட்டுப்பாடு என்ற ஒரே குறிப்பு அந்த வேலையைச் செய்துவிடுகிறது, இவர்கள் என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பணம் இல்லை என்பதையும் மூடி மறைக்காமல் எழுதுவது நல்லது. பழைய மாணவர்கள் பெரும்பாலும் அதை எதிர்பார்ப்பதில்லை, ஆனால் உண்டா இல்லையா என்று தெரியாமல் இருப்பதுதான் இரண்டு பக்கமும் சங்கடம். அழைக்கப்படுபவர் பெண்ணாக இருந்தால் "ஐயா"வை மாற்ற மறந்துவிடாதீர்கள். மாதிரியைப் பிரதி எடுப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் அது. போனில் நீங்கள் அவரை அண்ணா, அக்கா என்று கூப்பிடலாம், கடிதத்தில் வேண்டாம், அது அவர் மேலதிகாரியின் மேசைக்கும் போகும்.

அவர் சரி என்று சொன்ன பிறகு உங்கள் பக்கம் பாக்கி இருப்பது மார்ச் 9. அன்று எட்டுச் சுருக்கமும் போகவில்லை என்றால் மேலே எழுதிய எதற்கும் அர்த்தமில்லை, அவர் வண்டியில் வரும்போது போனில் புரட்டிவிட்டு வந்து "இதனால் என்ன பயன்?" என்று எட்டுப் பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். மாணவர்களுக்குக் கடைசித் தேதி மார்ச் 5 என்று சொல்லுங்கள். இரண்டு பேர் எப்படியும் 8ஆம் தேதி இரவுதான் அனுப்புவார்கள். அட்டவணை இல்லாமல் வந்ததைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு அந்த நான்கு நாள் வேண்டும்.